மேட்டில் நிற்பவன் கையில் ஒரு கோல்

டாரட் சீட்டுக்கட்டில் 'செவன் ஆஃப் வாண்ட்ஸ்' என்றொரு சீட்டு உண்டு. ஒரு வாலிபன் கரடுமுரடான மேட்டில் கால் ஊன்றி, இரு கைகளாலும் ஒரு கோலைக் குறுக்காகப் பிடித்திருக்கிறான். கீழிருந்து ஆறு கோல்கள் அவனை நோக்கி நீள்கின்றன. அவற்றைப் பிடித்திருப்பவர்கள் படத்தில் இல்லை. 1909-இல் லண்டனில் வெளியான ரைடர் சீட்டுக்கட்டுக்காக பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த படம் இது. கட்டை வடிவமைத்த ஆர்தர் எட்வர்ட் வெய்ட், இந்தச் சீட்டுக்குத் துணிவு என்று பொருள் சொன்னார், வாய்ச்சண்டையையும் சேர்த்துக்கொண்டார்.

காதல், கல்யாணம் பற்றிய கேள்விக்கு இது வந்தால், உறவினரும் அக்கம்பக்கத்தாரும் பேசும் பேச்சுக்கு நடுவே ஓர் உறவைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது என்று படிப்பார்கள். முகம் தெரியாத அந்த ஆறு கோல்களும் "நாலு பேர் என்ன சொல்லுவாங்க" என்பதில் வரும் நாலு பேர்தான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். கணவனை இழந்த ஒரு பெண் மறுமணம் செய்யப்போகிறாள். "இந்த வயசுல இது தேவையாடி?" என்கிறாள் அத்தை. எதிர்வீட்டில் ஜாடைப் பேச்சு. அவள் மூன்று சீட்டு எடுக்கிறாள். உறவின் அடிப்படையைக் காட்டும் முதல் இடத்தில் 'டூ ஆஃப் கப்ஸ்': ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று கிண்ணம் ஏந்துகிறார்கள். பிரியம் இரு பக்கமும் இருக்கிறது. இன்றைய நிலைக்கு நம் மேட்டுக்காரன். யோசனைக்கு 'குவீன் ஆஃப் ஸ்வோர்ட்ஸ்': வாளை நிமிர்த்திப் பிடித்து, மறுகையை முன்னே நீட்டியிருக்கும் அரசி.

இங்கே நல்ல வாசிப்பாளர் ஒன்றைக் கவனிப்பார். முதல் சீட்டில் இருவர், நடுச்சீட்டில் ஒருவர்தான். "அத்தைக்கு நீங்க மட்டும்தான் பதில் சொல்றீங்களா, அவரும் பேசுறாரா?" என்று கேட்பார். ஆறு கோல்களையும் ஒருவரே தடுத்துக்கொண்டிருந்தால், ஊர்ப்பேச்சைவிட அந்தத் தனிமைதான் உறவை அதிகம் அரிக்கும். அரசி சொல்லும் யோசனை, சுருக்கமான தெளிவான பேச்சு. அத்தையிடம் ஒருமுறை, இருவரும் சேர்ந்து போய்ச் சொல்வது. எதிர்வீட்டுக்கு விளக்கமே வேண்டாம்; மேட்டைவிட்டு இறங்கி ஒவ்வொரு கோலோடும் மோதினால் நின்ற இடம் போய்விடும்.

சீட்டு தலைகீழாக வந்தால் வெய்ட் சொன்ன பொருள் குழப்பம், கவலை. தயங்கி நிற்காதே என்ற எச்சரிக்கையும் உண்டு. பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனவர்களுக்கு இது பொருந்தும்.

ஒன்றை மறக்கக் கூடாது. மேட்டில் நிற்பவன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று இந்தச் சீட்டு சொல்வதில்லை. "அவன் கை நீட்டுறான்", "கடனை மறைக்கிறான்" என்று வீட்டார் சொன்னால் அது வம்பல்ல, தகவல். அதைத் தடுக்காதீர்கள், முதலில் விசாரித்துப் பாருங்கள்.