குரூப் பேச்சு வெளியே போகும் வழி

வாட்ஸ்அப் குரூப்பில் எழுதிய ஒரு செய்தியை ஃபார்வர்டு செய்தால், எழுதியவரின் பெயர் கூடப் போவதில்லை. ஃபார்வர்டு செய்யப்பட்டது என்ற குறி மட்டுமே மேலே நிற்கும். ஸ்கிரீன்ஷாட் அப்படியல்ல. எழுதியவரின் பெயர் அல்லது எண், நேரம், பெரும்பாலும் குரூப்பின் பெயர் என எல்லாம் ஒரே படத்தில் அடங்கிவிடும். நோயாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் மனம்விட்டுப் பேசும் குரூப்புகளில் இந்த இரண்டுமே வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதற்குக் காரணம், அங்கே தகவலையும் ஆளையும் எளிதில் பிரிக்க முடியாது என்பதுதான். பெயர் இல்லாவிட்டாலும் குரல் பதிவில் குரல் இருக்கிறது. எழுத்தில் ஊரும் மருத்துவமனையும் இருக்கின்றன.

குழந்தைப்பேறு சிகிச்சையில் இருக்கும் 140 பெண்கள் கொண்ட ஒரு குரூப்பை எடுத்துக்கொள்வோம். இரண்டாவது முறை கரு வைத்தும் நிற்கவில்லை, வேறு டாக்டரைப் பார்க்கலாமா என்று ஒருவர் இரவு 11 மணிக்குக் கேட்கிறார். மாமியார் வீட்டுக்கு இது இன்னும் தெரியாது என்றும் ஒரு வரி சேர்க்கிறார். கீழே நல்ல பதில்கள் வருகின்றன. இதே சிகிச்சையில் இருக்கும் தன் தங்கைக்குப் பயன்படுமே என்று இன்னொரு பெண் அந்தத் திரையைப் படம் பிடித்து அனுப்புகிறார். தங்கை, 'இந்த டாக்டரைத் தெரியுமா?' என்று கேட்டுத் தன் குடும்பக் குரூப்பில் அதைப் போடுகிறாள். முதலில் எழுதியவரின் நாத்தனாரைத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தால் போதும். யாரிடமும் கெட்ட எண்ணம் இல்லை. மூன்றே கைகள்தான் மாறியிருக்கின்றன. இத்தகைய கசிவில் பெரும்பகுதி வம்பால் வருவதல்ல, உதவும் நினைப்பால் வருவது. அதனால்தான் 'நம்பிக்கைத் துரோகம் செய்யாதீர்கள்' என்ற அறிவிப்பு பலன் தருவதில்லை. உதவப்போகிறவர் அந்த வார்த்தை தனக்கானது என்று நினைப்பதே இல்லை.

கருவியை நம்பியும் பயனில்லை. வாட்ஸ்அப்பில் 2016 முதல் உள்ள முழு மறையாக்கம், வழியில் இருப்பவர் செய்தியைப் படிப்பதைத் தடுக்கும். கையில் போனை வைத்திருக்கும் உறுப்பினரைத் தடுக்காது. 2025இல் வந்த கூடுதல் தனியுரிமை அமைப்பு, உரையாடலை மொத்தமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்துகிறது, ஸ்கிரீன்ஷாட்டை நிறுத்துவதில்லை. தானாக மறையும் செய்தி, மறைவதற்குள் எடுத்த படத்தைத் தொடாது. எழுதியவர் அழித்தாலும் அப்படியே. அந்தப் படம் எடுத்தவரின் கேலரியில் சேர்ந்து, பல போன்களில் தானாகவே இணையச் சேமிப்புக்கும் போய்விடும். சாதாரண உரையாடலைப் படம் பிடித்தால் வாட்ஸ்அப் யாருக்கும் தெரிவிப்பதும் இல்லை.

ஆகவே மிஞ்சுவது கேட்டுக்கொள்வது ஒன்றுதான். லண்டனின் சாத்தம் ஹவுஸ் நிறுவனத்தில் 1927இல் பிறந்த விதி இதற்கு நல்ல முன்மாதிரி: கேட்ட தகவலைப் பயன்படுத்தலாம், சொன்னவர் யார், வந்திருந்தவர்கள் யார் என்பதை வெளியிடக் கூடாது. உதவ விரும்புபவருக்கும் இது வழிவிடுகிறது. குரூப்பில் சேரும்போதே இப்படி எழுதலாம்: 'இங்கே பேசுவதை ஸ்கிரீன்ஷாட் எடுக்கவோ ஃபார்வர்டு செய்யவோ வேண்டாம். பயனுள்ள தகவல் என்றால் பெயர், ஊர், மருத்துவமனை இல்லாமல் உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். அப்படியே அனுப்பியாக வேண்டும் என்றால் எழுதியவரிடம் முதலில் கேளுங்கள்.' இதைப் பின் செய்து வைப்பதோடு, மனம்திறந்த பேச்சு தொடங்கும் நேரத்தில் அட்மின் ஒரு வரியில் நினைவூட்டுவது அதிகம் வேலை செய்யும். எப்போதோ படித்த விதியை அந்த நேரத்தில் யாரும் தேடிப் பார்ப்பதில்லை.

விதிக்கு விலக்கும் வேண்டும். குரூப்பிலேயே ஒருவர் மிரட்டப்பட்டால், அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. அதைத் தடுக்கும் விதி மிரட்டுபவரையே காக்கும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் யாருடைய எழுத்திலாவது தெரிந்தால், ரகசியம் என்று காத்திருக்காமல் அட்மினுக்கோ அவர் வீட்டாருக்கோ சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. குரூப்புகளில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். ஒருவரது தொற்று நிலையை வெளியிடுவதற்கு அவரது ஒப்புதலை இந்தியாவின் 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் கோருகிறது.

கசிந்துவிட்டால் முதலில் தெரிய வேண்டியவர் எழுதியவரே. அதுவும் தனிச் செய்தியில், குரூப்பில் அல்ல. எடுத்தவர் யார் என்பதைச் சில சமயம் படமே காட்டிக்கொடுக்கும். உறுப்பினர்களின் பெயர்கள் அவர் போனில் சேமித்த விதத்தில் தெரியும். அவர் எழுதிய செய்திகள் வலப்பக்கம் நிற்கும். ஓரம் வெட்டிய படத்தில் இந்த அடையாளங்கள் மிஞ்சாமல் போகலாம். எப்படியானாலும் துப்புத் துலக்குவது இரண்டாவது வேலை. படம் யார் யாருக்குப் போனதோ அவர்களிடம் அழிக்கச் சொல்வதும், வீட்டில் யாருக்கு என்ன தெரிந்திருக்கும் என்று பாதிக்கப்பட்டவரோடு உட்கார்ந்து யோசிப்பதும் அன்றைக்கே நடக்க வேண்டும்.