மூன்று படங்கள், ஏழு விடைகள்: கனசதுர அடுக்கைத் தாளில் படிப்பது எப்படி?

ஒரு புதிருடன் தொடங்குவோம். மேசை மேல் சில அலகுக் கனசதுரங்கள் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றின் பக்கமும் 1 செ.மீ. முன்னாலிருந்து பார்த்தால் 2 செ.மீ. பக்கமுள்ள சதுரம் தெரிகிறது. மேலிருந்து பார்த்தாலும் அதே சதுரம்தான். வலப்பக்கம் நின்று பார்த்தாலும் அதே. அப்படியானால் அங்கே எத்தனை கனசதுரங்கள் உள்ளன?

பலரும் உடனே 8 என்பார்கள். அது சரியான விடைதான். ஆனால் 7 என்பதும் சரி, 6 என்பதும் சரி.

மூன்றாம் படிவக் கணிதத்தில் 'பெலான் டான் டொங்காக்கான்' என்ற பாடத்தைப் படிப்பவர்களுக்கு இந்தத் தோற்றங்கள் பழக்கமானவையே. மூன்று தோற்றங்களையும் வரைந்துவிட்டால் பொருளை முழுமையாகச் சொல்லிவிட்டோம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அவை எவ்வளவு சொல்கின்றன, எதை மறைக்கின்றன என்று பார்ப்போம்.

வெளிவரம்பு சொல்லாதது

மேல்தோற்றம் 2 × 2 சதுரம் என்றால், தரையில் நான்கு கட்டங்களிலும் கனசதுரம் இருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு கட்டத்தின் மேலும் ஓர் அடுக்கு எழும்புகிறது. அதன் உயரம் 1 அல்லது 2. மேலிருந்து பார்ப்பவருக்கு அந்த உயரம் தெரியாது.

முன்தோற்றத்தில் இடப்பக்கம் உயரம் 2 என்றால், இடப்பக்கமுள்ள இரண்டு அடுக்குகளில் ஏதேனும் ஒன்றாவது 2 உயரம் இருக்க வேண்டும். இரண்டுமே 2 ஆக இருக்க வேண்டியதில்லை. உயரமானது தெரிந்துவிடும், குட்டையானது அதற்குப் பின்னால் மறைந்திருக்கலாம், அல்லது அதற்கு முன்னால் நின்றும் வெளிவரம்பை மாற்றாமல் இருக்கலாம். பக்கத் தோற்றத்துக்கும் இதே விதிதான்.

ஆகவே ஒரு மூலையில் மட்டும் உயரத்தை 1 ஆகக் குறைத்தால் வெளிவரம்பு எதுவும் மாறாது. நான்கு மூலைகள் இருப்பதால் 7 கனசதுரங்களை இப்படி நான்கு வகையில் அடுக்கலாம். எதிரெதிர் மூலைகள் இரண்டைக் குறைத்தாலும் வெளிவரம்பு மாறாது. 6 கனசதுரங்களுக்கு இரண்டு வகைகள். அருகருகே உள்ள இரண்டு மூலைகளைக் குறைத்தால்தான் ஒரு பக்கம் தாழ்ந்துவிடும். 8 கனசதுரங்கள் கொண்ட முழு அடுக்கையும் சேர்த்தால் மொத்தம் ஏழு பொருள்கள். ஏழுக்கும் ஒரே மூன்று வெளிவரம்புகள்!

கனசதுரங்கள் அந்தரத்தில் நிற்கலாம் என்று வைத்துக்கொண்டால் நான்கே போதும். கீழ்த்தட்டில் எதிரெதிர் மூலைகளில் இரண்டு, மேல்தட்டில் மற்ற இரு மூலைகளுக்கு மேலே இரண்டு. எந்தப் பக்கம் பார்த்தாலும் முழுச் சதுரமே தெரியும்.

உள்கோடுகளின் வேலை

அப்படியென்றால் வரைபடத்தைப் பார்த்து இயந்திர உறுப்பைச் செய்பவர் எப்படிக் குழம்பாமல் செய்கிறார்? அவர் வெளிவரம்பை மட்டும் பார்ப்பதில்லை. உள்ளே உள்ள கோடுகளையும் படிக்கிறார்.

விதி எளியது. மட்டம் மாறும் இடத்தில், கண்ணுக்குத் தெரியும் விளிம்பை அழுத்தமான முழுக்கோட்டால் வரைய வேண்டும். பொருளுக்குப் பின்னால் மறைந்த விளிம்பை விட்டு விட்டு வரையும் கோட்டால் காட்ட வேண்டும். இரண்டு கனசதுரங்கள் ஒரே மட்டத்தில் ஒட்டியிருந்தால், அவற்றுக்கு நடுவே கோடே கூடாது.

முன்-இட மூலையும் பின்-வல மூலையும் 2 உயரம், மற்ற இரண்டும் 1 உயரம் என்று வைப்போம். மேல்தோற்றத்தில் பக்கத்துக் கட்டங்கள் எல்லாமே வெவ்வேறு மட்டத்தில் இருப்பதால் சதுரத்துக்குள் கூட்டல் குறி போன்ற கோடுகள் வரும். முன்தோற்றத்தில் மேல்-வலக் கட்டம் மட்டும் உள்வாங்கி இருக்கிறது. எனவே அதன் இடப்பக்கமும் அடிப்பக்கமும் கோடு பெறும். மற்ற மூலைவிட்ட அடுக்கில் அந்தக் கோடுகள் மேல்-இடக் கட்டத்தைச் சுற்றி வரும். 8 கனசதுரங்கள் கொண்ட முழு அடுக்கில் உள்கோடே இருக்காது. 7 உள்ள அடுக்கில் பின்-வல மூலை மட்டும் தாழ்ந்திருந்தால், முன்தோற்றத்தில் அதே மேல்-வலக் கட்டத்தைச் சுற்றி விட்டு விட்டு வரையும் கோடு வரும்.

மாணவர்கள் அடிக்கடி தவறுவது இங்கேதான். கட்டத்தாளில் வரைவதால், தாளில் ஏற்கெனவே உள்ள எல்லாக் கோடுகளையும் பென்சிலால் அழுத்தி வரைந்துவிடுகிறார்கள். அப்போது ஏழு பொருள்களின் படங்களும் மீண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

எண் எழுதிப் பாருங்கள்

வெளிவரம்பு மட்டும் கொடுத்து, "குறைந்தது எத்தனை, அதிகபட்சம் எத்தனை?" என்று கேட்டால் என்ன செய்வது? மேல்தோற்றத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் உயரத்தை எண்ணாக எழுதுவதே வழி.

ஓர் அடுக்கை எடுத்துக்கொள்வோம். மேல்தோற்றத்தில் மூன்று நிரல்கள், இரண்டு வரிசைகள். ஆறு கட்டங்களும் நிரம்பியுள்ளன. முன்தோற்றத்தில் உயரங்கள் இடமிருந்து வலமாக 3, 1, 2. வலப்பக்கத் தோற்றத்தில் இடமிருந்து வலமாக 2, 3.

முதலில் ஓர் எச்சரிக்கை. வலப்பக்கம் போய் நின்று பார்க்கும்போது, பொருளின் முன்வரிசை உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். எனவே முன்வரிசையின் உயரம் 2, பின்வரிசையின் உயரம் 3. இதை மாற்றி எழுதினால் கணக்கு முழுவதும் தலைகீழாகிவிடும்.

அதிகபட்சத்துக்கு, ஒவ்வொரு கட்டத்திலும் அதன் நிரல் உயரம், வரிசை உயரம் இரண்டில் சிறியதை எழுதுங்கள்.

பின்வரிசை: 3, 1, 2
முன்வரிசை: 2, 1, 2

கூட்டினால் 11.

குறைந்த அளவுக்கு, எல்லாக் கட்டங்களிலும் 1 எழுதிவிட்டு, தேவையான இடத்தில் மட்டும் கூட்டுங்கள். முதல் நிரலில் 3 வேண்டும். முன்வரிசையில் 3 வரக்கூடாது. எனவே பின்வரிசை முதல் கட்டம் 3 ஆகியே தீரும். மூன்றாம் நிரலுக்கு ஒரு 2 வேண்டும். முன்வரிசைக்கும் ஒரு 2 வேண்டும். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் 2 எழுதினால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

பின்வரிசை: 3, 1, 1
முன்வரிசை: 1, 1, 2

கூட்டினால் 9. இடையில் 10 கனசதுரங்களால் மூன்று வகையில் அடுக்கலாம். அவற்றில் ஒன்றில் அந்தச் சந்திப்புக் கட்டத்தில் 1 தான் இருக்கும். அது எது என்று நீங்களே எழுதிக் கண்டுபிடியுங்கள்.

கோட்டையிலிருந்து வந்த முறை

ஒரு திண்மப் பொருளைத் தளங்களில் விழும் தோற்றங்களாகப் பிரித்து வரைவதை ஒழுங்கான முறையாக்கியவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் காஸ்பார் மோன்ஜ் (1746–1818). மெசியேர் நகரின் இராணுவப் பொறியியல் பள்ளியில் பணியாற்றியபோது, எதிரியின் பார்வைக்கும் குண்டுக்கும் படாதபடி கோட்டைச் சுவர்களை அமைக்கும் சிக்கலை அவர் தாளில் வரைந்தே தீர்த்தார். அதுவரை நீண்ட கணக்குப் போட்டுத் தீர்க்கப்பட்ட சிக்கல் அது. அந்த முறை இராணுவ இரகசியமாகவே காக்கப்பட்டது. 1795இல்தான் பாரிசில் அவர் அதை வெளிப்படையாகக் கற்பித்தார்.

அடுத்த முறை மூன்று தோற்றங்கள் கொண்ட கேள்வி வந்தால், உருவத்தை மனத்தில் கற்பனை செய்வதற்கு முன் மேல்தோற்றத்தில் எண்களை எழுதுங்கள். எந்தக் கட்டத்தில் ஒரே எண்தான் வர முடியுமோ, அந்த அடுக்கு உறுதி. எதில் இரண்டு எண்கள் பொருந்துகின்றனவோ, அங்கே உள்கோடு இருக்கிறதா என்று தேடுங்கள்.