விலை மாறும்போது விற்ற சரக்கின் அடக்கம்

2022 ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. மே 23 அன்று அத்தடை நீக்கப்பட்டது. இத்தகைய காலங்களில் எண்ணெய் விற்கும் கூட்டுறவுப் பண்டகசாலையின் கொள்முதல் ஒவ்வொன்றும் வெவ்வேறு விலையில் அமைகிறது. கிடங்கிலுள்ள டின்கள் யாவும் ஒன்றுபோலவே தோன்றும். விற்றவை எந்த விலைக்கு வாங்கியவை என்று கொள்வது? இதற்கு ஒரு விடை, முதலில் வந்த சரக்கே முதலில் செல்வதாகக் கணக்கிடும் முறையாகும்.

ஓர் உதாரணம் காண்போம். பண்டகசாலை ஒன்று முதலில் 100 டின்களை ரூ.1,800 வீதமும், அடுத்து 60 டின்களை ரூ.2,000 வீதமும், பின்னர் 80 டின்களை ரூ.2,100 வீதமும் வாங்குகிறது. மொத்தம் 240 டின்கள், அடக்கம் ரூ.4,68,000. சரக்குப் பதிவேட்டில் இவை மூன்று அடுக்குகளாக நிற்கின்றன. அதன்பின் 130 டின்கள் ரூ.2,150 வீதம் விற்பனையாகின்றன. முதல் அடுக்கு முழுவதும் தீர்ந்து, இரண்டாவதிலிருந்து 30 டின்கள் கழிகின்றன. எனவே விற்றவற்றின் அடக்கம் ரூ.2,40,000, எஞ்சிய 110 டின்களின் மதிப்பு ரூ.2,28,000. விற்பனை வருவாய் ரூ.2,79,500 ஆதலால், மொத்த இலாபம் ரூ.39,500.

ஆனால் இத்தொகை முழுவதையும் செலவிடத்தக்க உபரியாகக் கருதலாகாது. விற்ற 130 டின்களுக்கு ஈடாகப் புதிதாக வாங்க, இன்றைய விலையான ரூ.2,100 வீதம் ரூ.2,73,000 தேவை. உண்மையில் மிஞ்சுவது ரூ.6,500 மட்டுமே. மற்ற ரூ.33,000, பழைய சரக்கைக் கையில் வைத்திருந்தபோது விலை ஏறியதன் விளைவு. இதையும் சேர்த்து உறுப்பினர்களுக்குப் பங்காதாயமாக வழங்கினால், அடுத்த கொள்முதலுக்குக் கடன் வாங்க நேரிடும். சராசரி அடக்க முறையில் ஒரு டின்னின் அடக்கம் ரூ.1,950, இலாபம் ரூ.26,000. நம் நாட்டின் கணக்கியல் தரங்கள் இவ்விரு முறைகளையும் ஏற்கின்றன. கடைசியில் வந்தது முதலில் செல்வதாகக் கொள்ளும் முறைக்கு அவற்றில் இடமில்லை.

பதிவில் நேரும் பிழை ஒன்றையும் கவனிக்க வேண்டும். மூன்றாம் கொள்முதல் இரண்டாவதற்கு முன்னதாகப் பதிவாகிவிட்டால், விற்ற சரக்கின் அடக்கம் ரூ.2,43,000 ஆகிவிடும்; இருப்பின் மதிப்பு ரூ.2,25,000 ஆகும். இரண்டின் கூட்டுத்தொகை அப்போதும் ரூ.4,68,000 தான், எனவே கூட்டிப் பார்ப்பதால் பிழை புலப்படாது. இருப்பை எண்ணி, கடைசிப் பட்டியலிலிருந்து பின்னோக்கி வருவதே சரியான சோதனை. 110 டின்களில் 80 டின்கள் ரூ.2,100 விலையிலும், 30 டின்கள் ரூ.2,000 விலையிலும் அமைய வேண்டும்.

விலை இறங்கும்போது நிலைமை தலைகீழாகிறது. பழைய அடுக்கின் உயர்ந்த அடக்கம் முதலில் கழிவதால் இலாபம் சுருங்குகிறது. எஞ்சிய இருப்பை விற்றால், செலவு போக, அடக்கத்திற்கும் குறைவாகவே கிடைக்கும் எனில், அந்தக் குறைந்த தொகையையே ஏட்டில் காட்டல் வேண்டும். விற்பனையாகும் வரை நட்டத்தை ஒத்திப்போட இயலாது.