பதினேழு முனைகளும் நான்கு வர்க்கமூலங்களும்

கவராயமும் குறியில்லாத அளவுகோலும் மட்டும் இருந்தால் அறுகோணம் வரைவது பள்ளிப் பிள்ளைக்கும் எளிது. ஐங்கோணத்துக்கு யூக்ளிட் வழி சொல்லியிருக்கிறார். எழுகோணம் மட்டும் எவருக்கும் வசப்படாது. விந்தை என்னவென்றால், 17 முனைகள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை வரைந்துவிடலாம். 1796 மார்ச் 30 அன்று இதைக் கண்டறிந்தபோது காஸுக்கு 19 வயதுகூட நிறையவில்லை.

கவராயத்தால் கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம், வகுக்கலாம், வர்க்கமூலம் எடுக்கலாம், அவ்வளவுதான். ஆகவே ஒரு முழுச் சுற்றின் 17-இல் ஒரு பங்குக் கோணத்துக்கான கொசைனை வர்க்கமூலங்களாலேயே எழுத முடிந்தால் வேலை முடிந்தது.

ஆரம் 1 உள்ள வட்டத்தில், வலக்கோடியில் தொடங்கி 17 புள்ளிகளைச் சம இடைவெளியில் வைத்து 0 முதல் 16 வரை எண்ணிடுவோம். மையத்திலிருந்து ஒரு புள்ளி வலப்பக்கம் எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அதுவே அதன் கொசைன்; இடப்பக்கம் என்றால் குறை எண். எல்லாவற்றையும் கூட்டினால் பூஜ்யம். புள்ளி 0-இன் பங்கு 1 என்பதால், மற்ற 16-இன் கூட்டுத்தொகை −1.

இந்தப் 16-ஐ இரண்டாகப் பிரிப்பதில்தான் சூட்சுமம். 1-இல் தொடங்கி மும்மடங்காக்கிக்கொண்டே போங்கள். 17-ஐத் தாண்டினால் 17-ஆல் வகுத்த மீதியை வையுங்கள்: 1, 3, 9, 10, 13, 5, 15, 11, 16, 14, 8, 7, 4, 12, 2, 6. ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்தால் எட்டெட்டாக இரு கூட்டம். அவற்றின் கூட்டுத்தொகைகளை ஒன்றோடொன்று பெருக்கினால் 64 உறுப்புகள் வரும்; அவற்றில் 16 புள்ளிகளும் தலா நான்கு முறை இடம்பெறும். அதனால் பெருக்கற்பலன் −4. கூட்டினால் −1, பெருக்கினால் −4 தரும் இரு எண்கள் எவை? x² + x − 4 = 0 என்ற இருபடிச் சமன்பாடு சொல்கிறது: சுமார் 1.56, −2.56. முதல் வர்க்கமூலமான √17 இங்கேதான் பிறக்கிறது.

எட்டை அதே பாணியில் நான்காக்கினால் இன்னொரு இருபடி. நான்கை இரண்டாக்கினால் மற்றொன்று. கடைசியில் மிஞ்சும் 1, 16 இரண்டும் மேலும் கீழுமாக எதிரெதிரே நிற்பதால் கொசைன் ஒன்றே. முடிவு இதுதான்:

```
16 cos(2π/17) = −1 + √17 + √(34 − 2√17)
 + 2√(17 + 3√17 − √(34 − 2√17) − 2√(34 + 2√17))
```

கணக்கிட்டுப் பாருங்கள், கொசைன் 0.93247 என்று வரும்.

எழுகோணத்தில் இப்படிப் பிரிக்க இருப்பது ஆறு புள்ளிகள். அதைப் பாதியாக்கினால் மூன்று. மூன்றைப் பாதியாக்க வழியில்லை, முப்படிச் சமன்பாடு குறுக்கே நிற்கிறது. எனவே முனைகள் பகா எண்ணிக்கையில் இருந்தால், ஒன்று குறைத்தது 2-இன் அடுக்காக வேண்டும்: 3, 5, 17, 257, 65537. இத்தகைய ஒற்றைப்படைப் பகா எண்கள் வேறெதுவும் இதுவரை கிடைத்ததில்லை. இவற்றை ஒவ்வொன்றும் ஒருமுறைக்கு மேல் வராமல் பெருக்கி, 2-ஐ எத்தனை முறையும் சேர்க்கலாம். 15 ஆகும், 3 இருமுறை வருவதால் 9 ஆகாது. மற்றவை முடியாது என்பதற்கு 1837-இல் வான்ட்செல் நிரூபணம் வெளியிட்டார்.

65537 முனைகளை வரையும் வழியை ஹெர்மெஸ் என்ற ஜெர்மானியர் பத்தாண்டு உழைத்து எழுதினார். அந்தக் கையெழுத்துப் பிரதி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஒரு பெட்டியில் கிடக்கிறது.