தெருவைத் தோண்டும் முன் யார், யாரிடம் சொல்வது?

பாதாளச் சாக்கடைக்குத் தெருவைத் தோண்டினால் தொல்லை இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். காலையில் வண்டியை எடுக்க வந்தவர், வாசலில் பள்ளத்தைப் பார்த்து, "நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கத்துவது வேறு விஷயம். அந்தக் கத்தலைத் தவிர்க்கத்தான் வேலைக்கு முன்பே தகவல் தொடர்புத் திட்டம் என்று ஓர் அட்டவணை போடுகிறார்கள். யாருக்கு, என்ன, எப்போது, யார் சொல்வது என்று நான்கே கட்டங்கள்.

எண்பது வீடு, சில கடைகள், ஒரு தொடக்கப்பள்ளி உள்ள தெரு என்று வைத்துக்கொள்வோம். முதல் கட்டத்தில் 'பொதுமக்கள்' என்று எழுதினால் அட்டவணை அங்கேயே படுத்துவிடும். வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டியது, காரை எந்த இரவுக்குள் வெளியே நிறுத்த வேண்டும் என்பது. மளிகைக் கடைக்காரருக்குச் சரக்கு வண்டி எந்த முனை வரை வரும் என்பது. பள்ளிக்கு வேன் எங்கே நிற்கும் என்பது. கவுன்சிலருக்கு எல்லாமே முன்கூட்டித் தெரிய வேண்டும். முதல் போன் அவருக்குத்தான் போகும்.

'எப்போது' என்ற இடத்தில் பலரும் 'வாரம் ஒருமுறை' என்று எழுதிவிடுகிறார்கள். கவுன்சிலருக்கு அது போதும். பள்ளம் வாசலுக்கு வரப்போகும் வீட்டுக்கு ஒரு வாரம் முன்பு ஒரு நோட்டீஸ், முந்தின மாலை நேரில் ஒரு வார்த்தை வேண்டும். வாட்ஸ்அப் குழுவை மட்டும் நம்பினால், அதில் இல்லாத பெரியவர்கள் விட்டுப்போவார்கள்.

உண்மையான சோதனை, ஜேசிபி குடிநீர்க் குழாயை உடைக்கும்போது வருகிறது. மேஸ்திரி "சாயங்காலம் தண்ணி வந்துடும்" என்பார். அலுவலகத்தில் "நாளைக்குத்தான்" என்பார்கள். அதற்குப் பிறகு இருவர் சொல்வதையும் தெரு நம்பாது. நான்காம் கட்டத்தில் 'மாநகராட்சி' என்றோ 'ஒப்பந்தக்காரர்' என்றோ இருந்தால் இப்படித்தான் ஆகும். அங்கே ஓர் ஆளின் பெயரும் போன் எண்ணும், அவர் லீவு போட்டால் யார் என்பதும் இருக்க வேண்டும். தேதி சொல்லும் உரிமை உதவிப் பொறியாளருக்கு மட்டும் என்று வைத்தால், மேஸ்திரி அவர் எண்ணைக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்ப்பார். எப்போது சரியாகும் என்று பொறியாளருக்கே தெரியாவிட்டாலும், "மாலை ஐந்து மணிக்கு நிலவரம் சொல்கிறேன், அதுவரை லாரித் தண்ணீர் வரும்" என்று அரைமணி நேரத்துக்குள் சொல்லிவிடலாம். ஐந்து மணிக்குச் சொல்லவும் வேண்டும்.

திட்டம் நடக்கிறதா என்று பார்க்க, வரும் போன்களை ஒரு நோட்டில் குறித்தாலே போதும். ஒரே கேள்வியை நாலைந்து வீடுகள் கேட்டால், அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

பெரும்பாலும் விடுபடும் வரிசை ஒன்று உண்டு. பள்ளத்தை மூடியதும் ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். நிரப்பிய மண் நன்றாக இறுகாமல் தார் போட்டால் சாலை உள்வாங்கிவிடும் என்பதால் சில நாள் அப்படியே விடுவார்கள். தெருவுக்கு அது அரைகுறையாக விட்டுப்போன வேலையாகத்தான் தெரியும். என்றைக்குத் தார், அதுவரை புழுதிக்குத் தண்ணீர் தெளிப்பது யார் என்பதைக் கடைசிப் பள்ளம் மூடும் அன்றே வீடு வீடாகச் சொல்ல, இன்னொரு பெயர் வேண்டும்.