படம் அசையுது பாருங்க!

பட்டாணி முளைப்பதை யாராவது கண்ணால் பார்த்ததுண்டா? இன்று விதைத்தால் சில நாளில் முளை தெரியும். ஆனால் அது வளரும் அசைவு தெரியாது.

1912ஆம் ஆண்டில் மும்பையில் தாதாசாகேப் பால்கே ஒரு வேலை செய்தார். தொட்டியில் பட்டாணி நட்டார். அது வளர வளர, பல நாள் தொடர்ந்து படம் பிடித்தார். படங்களை வேகமாக ஓட்டினார். செடி கண்ணெதிரே வளர்ந்தது! அடுத்த ஆண்டு, 1913இல், 'ராஜா ஹரிச்சந்திரா' படத்தை வெளியிட்டவர் இவர்தான்.

கேமரா இல்லாமலும் இதைச் செய்யலாம். காகிதமும் பென்சிலும் போதும். இப்படிப்பட்ட புத்தகத்துக்கு 1868இலேயே இங்கிலாந்தில் ஜான் பார்ன்ஸ் லின்னெட் என்பவர் காப்புரிமை பெற்றார்.

செய்யும் முறை

ஜெராக்ஸ் எடுக்கும் வெள்ளைத்தாள் மூன்று எடுங்கள். ஒவ்வொன்றையும் எட்டுத் துண்டாக வெட்டுங்கள். மொத்தம் 24 துண்டுகள் கிடைக்கும். எல்லாத் துண்டுக்கும் இடது மூலையில் 1 முதல் 24 வரை எண் போடுங்கள்.

முதல் துண்டின் வலது பாதியில் தொட்டியும் மண்ணும் வரையுங்கள். இடது பக்கம் கையில் மறைந்துவிடும். அங்கே வரைய வேண்டாம்.

அதன்மேல் இரண்டாம் துண்டை ஓரம் பிசகாமல் வையுங்கள். கீழே உள்ள கோடு மங்கலாகத் தெரியும். தொட்டியை அப்படியே வரையுங்கள். இப்படியே ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வரையுங்கள்.

1 முதல் 4 வரை வெறும் மண். 5 முதல் 8 வரை கொக்கி போல வளைந்த முளை தலைகாட்டட்டும். 9 முதல் 16 வரை தண்டு ஒவ்வொரு துண்டிலும் 3 மில்லிமீட்டர் உயரட்டும். 17 முதல் 21 வரை இலை விரியட்டும். கடைசி மூன்றிலும் ஒரே படம் இருக்கட்டும். அப்போதுதான் முழுச் செடியும் கண்ணில் நிற்கும்.

முதல் துண்டு அடியிலும் 24ஆம் துண்டு மேலும் இருக்க வேண்டும். வலது ஓரத்தைத் தட்டிச் சமப்படுத்துங்கள். இடது ஓரத்தில் கிளிப் போடுங்கள். இடது கையால் அங்கே பிடியுங்கள். வலது கட்டைவிரலால் வலது ஓரத்தை மேலே வளைத்து, அடியிலிருந்து ஒவ்வொன்றாக நழுவ விடுங்கள். ஏறக்குறைய இரண்டு நொடியில் செடி வளர்ந்துவிடும்.

எந்தப் படமும் அசையவில்லை. அடுத்தடுத்த படங்களில் வித்தியாசம் சிறிது. அவை வேகமாக வருகின்றன. மூளை அவற்றை இணைத்து அசைவாகக் காண்கிறது.

சரியாக வரவில்லையா?

தொட்டி ஆடுகிறதா? தொட்டியின் கோடு இடம் மாறியிருக்கிறது. அந்தத் துண்டை மட்டும் மறுபடி வரையுங்கள்.

செடி தாவுகிறதா? இரண்டு படங்களுக்கு நடுவே இடைவெளி அதிகம். கிளிப்பைக் கழற்றி, நடுவில் இன்னொரு துண்டு சேருங்கள்.

இரண்டு துண்டுகள் சேர்ந்தே விழுகின்றனவா? ஒன்று உள்வாங்கி இருக்கிறது. ஓரத்தைச் சமப்படுத்துங்கள்.

எல்லாம் சரியான பிறகு கிளிப்பை எடுத்துவிட்டு, ஊசி நூலால் தைத்துவிடுங்கள்.