ஒரே இணைப்பில் அறுபது படங்கள்

உலாவிக்கும் வலைத்தளத்தின் சர்வருக்கும் இடையே நடக்கும் கேள்வி பதிலுக்கான விதிமுறையே எச்டிடிபி. 1997இல் வெளியான அதன் 1.1 பதிப்பில் ஓர் இணைப்பில் ஒரு கோரிக்கை அனுப்பினால், அதற்கான பதில் முழுவதும் வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்ததை அனுப்புவது வழக்கம். பதிலுக்குக் காத்திராமல் வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகவும் விதியில் இடம் இருந்தது. ஆனால் பதில்கள் கேட்ட வரிசையிலேயே வரவேண்டும் என்பதால், முதல் பதில் தாமதித்தால் பின்னால் நின்ற எல்லாம் தேங்கின. உலாவிகள் அந்த வழியை விட்டுவிட்டு, ஒரு தளத்துக்கு ஆறு இணைப்புகள் வரை திறந்து சமாளித்தன.

அறுபது சிறு படங்கள் கொண்ட பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கோரிக்கை சர்வருக்குப் போய்ப் பதில் திரும்ப 100 மில்லி நொடி ஆகிறது. ஆறு இணைப்புகளில் ஆறு ஆறாகக் கேட்டால் பத்துச் சுற்றுகள். காத்திருப்பு மட்டுமே ஒரு நொடி! இணைய வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் இந்தக் காத்திருப்பு குறையாது, தூரம் அப்படியேதானே இருக்கிறது.

கூகுள் 2009இல் அறிவித்த ஸ்பீடி என்ற சோதனை நெறிமுறையை அடித்தளமாகக் கொண்டு 2015இல் வந்த எச்டிடிபி 2 இந்த முடிச்சைத்தான் அவிழ்த்தது. இதில் ஒரு தளத்துக்கு ஓர் இணைப்பே போதும். கோரிக்கைகளும் பதில்களும் ஃபிரேம் எனப்படும் சிறு துண்டுகளாக வெட்டப்படுகின்றன. ஒவ்வொரு துண்டின் தலையிலும் ஒன்பது பைட் குறிப்பு இருக்கும். எந்த உரையாடலைச் சேர்ந்த துண்டு என்ற எண் அதில் இருக்கிறது. அதனால் பல பதில்களின் துண்டுகள் கலந்து வந்தாலும் உலாவி அவற்றைப் பிரித்து அடுக்கிக்கொள்ளும். இதுவே மல்டிபிளெக்சிங். அறுபது கோரிக்கைகளும் ஒரே மூச்சில் கிளம்பும். ஒரு படம் தாமதித்தால் மற்றவை அதற்காக நிற்பதில்லை.

அறுபதையும் ஒன்றாக அனுப்பும்போது இன்னொரு சுமை தெரியவருகிறது. ஒவ்வொரு கோரிக்கையோடும் உலாவியின் பெயர், ஏற்கும் மொழிகள், குக்கி போன்ற தலைப்பு விவரங்கள் போகின்றன. அவை 800 பைட் என்று வைத்துக்கொண்டால், அறுபதுக்கு 48,000 பைட். பெரும்பகுதி சொன்னதையே சொல்வது. எச்பேக் என்ற சுருக்கமுறை இதற்காகவே வகுக்கப்பட்டது. அடிக்கடி வரும் 61 தலைப்புகளின் நிலையான பட்டியல் இரு தரப்பிடமும் முன்பே இருக்கிறது. அதோடு, அந்த இணைப்பில் ஏற்கெனவே சொன்ன தலைப்புகளையும் இருவரும் ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே வருகிறார்கள். நீண்ட குக்கி முதல் முறை முழுதாகப் போகும். அடுத்த முறை அதன் வரிசை எண் மட்டும் போனால் போதும், பெரும்பாலும் ஒரே பைட்.

சாதாரண ஜிப் முறையில் சுருக்காததற்கு வலுவான காரணம் உண்டு. ஸ்பீடி அப்படித்தான் செய்தது. 2012இல் வெளியான கிரைம் தாக்குதல், சுருங்கிய அளவைப் பார்த்தே குக்கியை எழுத்தெழுத்தாக ஊகித்துவிடலாம் என்று காட்டியது. எச்பேக் பட்டியலில் முழு மதிப்பும் பொருந்தினால்தான் எண் கிடைக்கும்; பாதி சரியான ஊகத்துக்குப் பலன் இல்லை.

இதன் பிறகு பழைய உத்திகள் தலைகீழாயின. இணைப்புகளின் எண்ணிக்கையைக் கூட்ட, படங்களை நான்கைந்து துணைப் பெயர்களில் பிரித்து வைப்பது அன்றைய வழக்கம். இப்போது அது வீண் செலவு: ஒவ்வொரு பெயருக்கும் தனி இணைப்பு தேவைப்பட்டால், கைகுலுக்கலும் தனி, தலைப்புப் பட்டியலும் முதலிலிருந்து. ஐகான்களை எல்லாம் ஒரே படமாக ஒட்டுவதும் அவசியமில்லை. நிரல்களை ஒரே பெரிய கோப்பாக்கினால், ஒரு வரி மாறினாலும் முழுக் கோப்பையும் வாசகர் மறுபடி இறக்க வேண்டும். பிரித்து வைத்தால் மாறிய துண்டு மட்டும் போதும். அதற்காக நூற்றுக்கணக்கான துண்டுகளாக நறுக்குவதும் மிகை. சிறு கோப்புகள் சரியாகச் சுருங்குவதில்லை. அளவாகத் தொகுப்பதே நல்லது.

எதையும் மாற்றும் முன், தளம் எந்தப் பதிப்பில் பேசுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்:

```
curl -sI --http2 https://example.com
```

முதல் வரி `HTTP/2` என்று தொடங்கினால் புதிய பதிப்பு. உலாவியின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதியிலும் `h2` என்று காட்டும்.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. எல்லாம் ஒரே டிசிபி இணைப்பில் போவதால், வழியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் அது மீண்டும் வரும்வரை அதன் பின்னால் வந்த அறுபது படங்களின் துண்டுகளும் காத்திருக்கும். சிக்னல் தடுமாறும் மொபைலில் பழைய ஆறு இணைப்பே சில சமயம் முந்திவிடும். 2022இல் தரநிலையான எச்டிடிபி 3, டிசிபியையே விட்டுவிட்டு குவிக் நெறிமுறைக்கு மாறியது இதனால்தான்.